ஆறு சர்வோ இருந்தால் ஆறு டிகிரியா? ரோபோ கையின் மூட்டு, எட்டும் தூரம், சுமை: ஒரு கணக்கு

போன வருடம் ஆன்லைனில் ஓர் அலுமினிய ரோபோ கை கிட் வாங்கினேன். பெட்டியின் மேல் '6 டிகிரி ஆஃப் ஃப்ரீடம்' என்று இருந்தது. உள்ளே ஆறு எம்ஜி996ஆர் சர்வோ, ஒவ்வொன்றும் '11 கிலோ' என்று விளம்பரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டி, கையை நேராக முன்னால் நீட்டச் சொன்னேன். தோள் சர்வோ 'ங்ங்ங்' என்று முனகியது, கை மெல்ல மெல்ல இறங்கி மேசையில் படுத்துவிட்டது. நுனியில் பொருளைப் பிடிக்கும் கிரிப்பரில் ஒரு பென்சில்கூட இல்லை. 11 கிலோ தூக்கும் சர்வோவுக்குத் தன் கையையே தூக்க முடியவில்லை என்றால் எங்கோ என் கணக்கு தப்பு. எங்கே என்பதுதான் இந்தப் பதிவு.

ஆர்டுயினோவில் சர்வோவை ஆட்டுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: மூட்டுகளை எண்ணுங்கள், சர்வோக்களை அல்ல

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பதைப் பதினோராம் வகுப்பு இயற்பியலில் 'சுதந்திர இயக்கக் கூறு' என்று படித்திருப்போம். ரோபோ கையில் அதன் பொருள் எளிது: கிரிப்பரின் இடத்தையும் அது பார்க்கும் திசையையும் தனித்தனியாக மாற்றக்கூடிய அசைவுகள் எத்தனை என்பதே. ஒரு பொருளை எந்த இடத்திலும் எந்தச் சாய்விலும் பிடிக்க ஆறு வேண்டும். இடத்துக்கு மூன்று, திசைக்கு மூன்று.

என் கையில் இருந்தவை: அடித்தளம் இடவலமாகத் திரும்புவது, தோள், முழங்கை, மணிக்கட்டு மேல் கீழாக மடங்குவது, மணிக்கட்டு உருளுவது, கடைசியாகக் கிரிப்பர் திறந்து மூடுவது. கிரிப்பர் திறந்து மூடுவதால் அது இருக்கும் இடமும் மாறவில்லை, பார்க்கும் திசையும் மாறவில்லை. ஆகவே அது கணக்கில் வராது. ஆறு சர்வோ, ஐந்து டிகிரி.

ஒன்று குறைந்தால் என்ன என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். மேசையில் கிடக்கும் கட்டையை மேலிருந்து எடுப்பதில் ஒரு குறையும் தெரியாது. அப்புறம் ஒரு பென்டிரைவை லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் செருக வைக்கலாம் என்று பார்த்தேன். இந்தக் கையில் மணிக்கட்டு இடவலமாகத் திரும்பாது. அதனால் கிரிப்பர் எப்போதும் அடித்தளத்தின் நடுவிலிருந்து வெளியே பார்த்தபடிதான் இருக்கும், சக்கரத்தின் ஆரக்கால் போல. துளை அந்த ஆரக்காலின் நேர்கோட்டில் இருந்தால் செருகலாம், சற்றுத் திரும்பியிருந்தால் முடியாது. லேப்டாப்பைத்தான் நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

படி 2: எந்த வகை மூட்டு

நடைமுறையில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். கதவுக் கீல் போலச் சுழலும் மூட்டு, மேசை டிராயர் போல நேர்கோட்டில் சறுக்கும் மூட்டு. என் கிட்டில் எல்லாமே சுழலும் மூட்டுகள். 3டி பிரின்டரில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் சறுக்கும் மூட்டுகள்.

மூட்டின் வகையை விட அதன் அச்சு எந்தத் திசையில் நிற்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். ஜப்பானின் யமனாஷி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி மகினோ 1970களின் இறுதியில் உருவாக்கிய ஸ்காரா வகைக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோள், முழங்கை அச்சுகள் இரண்டும் செங்குத்தாக நிற்கும். கை, கதவு போல இடவலமாக மட்டும் வீசும், மேலும் கீழும் போவதற்கு நுனியில் தனியாக ஒரு சறுக்கும் மூட்டு. கையின் எடையைப் பேரிங்குகள் தாங்கிக்கொள்வதால் தோள் மோட்டார் புவியீர்ப்போடு மல்லுக்கு நிற்பதில்லை. என் கிட்டிலோ தோள், முழங்கை அச்சுகள் கிடையாக இருக்கின்றன. சும்மா நின்றாலும் அந்தச் சர்வோக்கள் எடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

படி 3: எட்டும் தூரம்

என் அளவுகள்: தோளிலிருந்து முழங்கை 12 செ.மீ., முழங்கையிலிருந்து மணிக்கட்டு 12 செ.மீ., மணிக்கட்டிலிருந்து கிரிப்பர் பிடிக்கும் இடம் 10 செ.மீ. மொத்தம் 34. விளம்பரத்திலும் இதைத்தான் போடுவார்கள்.

ஆனால் மேசையில் உள்ள பொருளை மேலிருந்து எடுக்க வேண்டுமென்றால் கிரிப்பர் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். அப்போது அந்த 10 செ.மீ. தூரத்துக்கு உதவாது, உயரத்துக்குப் போய்விடும். மிச்சம் 24. தோளும் மணிக்கட்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் அதிலும் சில மில்லிமீட்டர்தான் குறையும். 34 என்று நம்பி மேசையில் கட்டம் வரைந்தால் வெளிவட்டம் முழுக்க வீண். அடித்தளத்துக்கு மிக அருகிலும் எடுக்க முடியாது, முழங்கை அவ்வளவு மடங்குவதற்குள் பிராக்கெட்டுகள் ஒன்றோடொன்று இடித்துவிடும்.

தொழிற்சாலை ரோபோக்களின் கையேட்டிலும் எட்டும் தூரத்தை எந்தப் புள்ளிவரை அளந்தார்கள் என்று பாருங்கள். மணிக்கட்டின் மையம்வரை அளப்பதுதான் பெரும்பாலான வழக்கம், உங்கள் கிரிப்பரின் நீளம் அதில் சேராது.

படி 4: சுமை. நான் விழுந்த குழி இதுதான்

'11 கிலோ' என்பது கிலோ அல்ல, கிலோ-சென்டிமீட்டர். அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி 11 கிலோவைத் தாங்கும் என்று அர்த்தம். 34 செ.மீ. தள்ளிப் போனால் வெறும் 320 கிராம்தான், அதுவும் கைக்கே எடை இல்லை என்றால். தவிர, அது 6 வோல்ட்டில் சர்வோ திணறி நிற்கும் எல்லை. அந்த அளவில் தொடர்ந்து வேலை வாங்கினால் சூடாகிக் கருகிவிடும்.

சமையலறைத் தராசில் ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்தேன். கை நேராக நீண்டிருக்கும்போது ஒவ்வொன்றின் எடையையும் தோளிலிருந்து அது இருக்கும் கிடைத் தூரத்தால் பெருக்கினேன்:

```
மேல்கை பிராக்கெட்      0.060 × 6  = 0.36
முழங்கை சர்வோ         0.055 × 12 = 0.66
முன்கை பிராக்கெட்      0.050 × 18 = 0.90
மணிக்கட்டு சர்வோ 1    0.055 × 24 = 1.32
மணிக்கட்டு சர்வோ 2    0.055 × 27 = 1.49
கிரிப்பர் + அதன் சர்வோ  0.130 × 31 = 4.03
மொத்தம்              8.76 கிலோ-செ.மீ.
```

வெறுங்கையே 8.76 கேட்கிறது! கிட்டத்தட்ட பாதி கிரிப்பரால் மட்டும் வருகிறது, காரணம் அது நுனியில் இருப்பதுதான். 100 கிராம் கட்டையைப் பிடித்தால் 0.1 × 34 = 3.4 சேர்ந்து 12-ஐத் தாண்டிவிடும்.

சரி, காகிதப்படி 11 இருக்கிறதே, வெறுங்கையாவது நின்றிருக்க வேண்டாமா? இங்கேதான் சர்வோவை நாமே அளக்க வேண்டும். அச்சிலிருந்து 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையை மாட்டி, அதன் நுனி தராசின் தட்டை அழுத்தும்படி ஓட்டுங்கள். தராசு காட்டும் கிலோவை 10-ஆல் பெருக்கினால் விடை. சில நொடிகளுக்கு மேல் அழுத்த விடாதீர்கள். என்னுடையது 820 கிராம் காட்டியது, அதாவது 8.2. வெறுங்கைக்கே 8.76 வேண்டும்போது அது படுத்ததில் ஆச்சரியம் இல்லை. அதிலிருந்து என் விதி: பெட்டியில் போட்டிருப்பதில் பாதியை மட்டும் நம்புவேன்.

தோளுக்கு 25 கிலோ-செ.மீ. சர்வோ மாற்றினேன். பாதி 12.5, 100 கிராமுக்குத் தேவை 12.16. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இப்போது முழங்கை சூடானது. அதே கணக்கை முழங்கையிலிருந்து போட்டால் வெறுங்கைக்கு 4.26 வருகிறது. அங்கே இன்னும் பழைய சர்வோ, பாதி 5.5. மிச்சம் 1.24, அதை 22 செ.மீ.யால் வகுத்தால் 56 கிராம். கையின் சுமையைத் தீர்மானிப்பது அதன் பலவீனமான மூட்டு.

ஆனால் கிரிப்பரைக் கீழே தொங்கவிட்டு இதே கணக்கைப் போடுங்கள். அப்போது மணிக்கட்டு சர்வோ, கிரிப்பர், கட்டை எல்லாம் மணிக்கட்டுக்கு நேர் கீழே வந்துவிடும். முழங்கையிலிருந்து அவற்றின் கிடைத் தூரம் 12 செ.மீ.தான். வெறுங்கைத் தேவை 3.18-ஆகக் குறைகிறது, மிச்சம் 2.32-ஐ 12-ஆல் வகுத்தால் 190 கிராம். தோளிலும் இதே நிலையில் ஏறக்குறைய 200 கிராம் வருகிறது. ஒரே கை, ஒரு நிலையில் 56 கிராம், இன்னொரு நிலையில் 190. யாராவது 'இது எவ்வளவு தூக்கும்?' என்று கேட்டால் 'எப்படிப் பிடித்துக்கொண்டு?' என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

பெரிய ரோபோவிலும் கதை இதுதான். யூனிவர்சல் ரோபாட்ஸின் யூஆர்5இ-க்குச் சுமை 5 கிலோ, எட்டும் தூரம் 850 மி.மீ. கிரிப்பர் 1 கிலோ என்றால் பொருளுக்கு மிச்சம் 4 கிலோ. அந்தச் சுமையின் எடை மையம், கிரிப்பரை மாட்டும் நுனித் தட்டிலிருந்து தள்ளிப் போகப் போக, அனுமதிக்கும் எடை இன்னும் குறையும். கையேட்டில் அதற்கு ஒரு வளைகோட்டுப் படம் இருக்கும். விளம்பரத் தாளை மூடிவிட்டு அந்தப் படத்தைத் திறங்கள்.

பிற்சேர்க்கை 1: தோளில் ஒன்றுக்கு இரண்டு சர்வோ போட்டால் ஐந்து டிகிரி ஆறாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகாது, இரண்டும் ஒரே மூட்டைத்தான் திருப்புகின்றன. வலு கூடும், அவ்வளவுதான். அதிலும் ஒரு வம்பு உண்டு. இந்த சர்வோ அச்சில் 25 பல், ஒரு பல் தவறினால் கோணத்தில் 14.4 டிகிரி வித்தியாசம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டு சும்மாவே கொதிக்கும். முதலில் இரண்டையும் நடுநிலைக்கு ஓட்டிவிட்டு மாட்டுங்கள், மிச்ச வித்தியாசத்தை நிரலில் சரிசெய்யுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு சின்னதை விட ஒரு பெரியது மேல்.

பிற்சேர்க்கை 2: கணக்கெல்லாம் சரியாக வந்தும் கை தொங்குகிறது என்று இருவர் எழுதினார்கள். கை நீண்டிருக்கும்போது சர்வோவின் வயரிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள் என்றேன். ஒருவருக்கு 6-க்குப் பதில் 4.7 வோல்ட்தான் இருந்தது. திணறும்போது ஒரு சர்வோவே 2.5 ஆம்பியர் இழுக்கும், மெல்லிய பிரெட்போர்டு வயர் அதற்குத் தாங்காது.

பிற்சேர்க்கை 3: ரோபோ கையின் அசைவைத் திட்டமிடும் மென்பொருளான மூவ்இட்டில் இந்தக் கையை ஏற்றி, எந்த இடத்தைக் கொடுத்தாலும் தீர்வு இல்லை என்கிறது என்று இன்னொரு கேள்வி. ஐந்து டிகிரி கையிடம் ஆறையும் கேட்டால் அப்படித்தான் சொல்லும். `kinematics.yaml` கோப்பில் உங்கள் கையின் குழுவுக்குக் கீழே, அங்குள்ள மற்ற வரிகள் அளவுக்கே உள்தள்ளி, இதைச் சேருங்கள்:

```yaml
position_only_ik: true
```

இடம் மட்டும் சரியாக வரும். திசை அதன் இஷ்டத்துக்கு வரும் என்பதால், மேலிருந்து பிடிக்க வேண்டிய வேலைக்கு மணிக்கட்டின் கோணத்தை நான் தனியாகக் கணக்கிட்டுக் கொடுக்கிறேன்.