கார்டு பில்லைத் தவணையாக்கும்போது ஏமாற்றும் ‘ஒரு வட்டி’

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அண்ணி, போன வருடம் புதுச்சேரி நேரு வீதியில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு கிரெடிட் கார்டில் வாங்கினார். வீடு வந்து சேர்வதற்குள் செல்போனில் ஒரு செய்தி: மாதம் 1 சதவீத வட்டியில் 12 தவணை, தவணைக்கு 5,600 ரூபாய். “ஒரு வட்டிதானே தம்பி, மாத்திடலாமா?” என்று என்னைக் கேட்டார்.

பலர் தவறுவது இந்த ‘ஒரு வட்டி’யில்தான். ஊரில் ஒருவரிடம் ஒரு வட்டிக்கு 60,000 வாங்கினால் மாதம் 600 கொடுப்போம். ஆனால் அசல் முழுவதும் வருடம் பூராவும் நம் கையில் இருக்கும். கார்டு தவணையில் அப்படி இல்லை. மாதாமாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். பதினோராவது மாதம் நம்மிடம் மிச்சம் இருக்கும் கடன் பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஆனாலும் அந்த 600, முழு 60,000-க்கும் போட்ட வட்டி. குறைந்துவரும் நிலுவைக்குக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 12 சதவீதம் இல்லை, 21 சதவீதத்துக்கு மேல். எல்லாக் கார்டுகளிலும் இப்படி இல்லை. சில வங்கிகள் குறைந்துவரும் நிலுவைக்கான வட்டியையே சொல்கின்றன. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “வட்டி முழுத் தொகைக்கா, நிலுவைக்கா?”

அடுத்த தவறு, 5,600-ஐ 12-ஆல் பெருக்கிவிட்டு அதுதான் மொத்தச் செலவு என்று நினைப்பது. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. வங்கியில் வாங்கும் தனிநபர் கடனின் வட்டிக்கு அது கிடையாது. இந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது, ஏனென்றால் செய்தியில் வரும் தவணைத் தொகையில் பெரும்பாலும் இந்த வரி இருக்காது. ஒவ்வொரு மாத பில்லிலும் தனி வரியாக வந்து நிற்கும். அண்ணிக்கு வட்டி 7,200, அதற்கு ஜிஎஸ்டி 1,296, மாற்றுவதற்கான கட்டணம் 1 சதவீதமும் அதன் வரியும் சேர்த்து 708. ஆக மொத்தம் 9,204 ரூபாய்.

சரி, கடனாக வாங்கினால்? அண்ணியின் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 14 சதவீதத்தில் தனிநபர் கடன் தரத் தயாராக இருந்தார்கள். பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம். மாதத் தவணை ஏறத்தாழ 5,390. வருடத்துக்கு வட்டி சுமார் 4,650, கட்டணமும் வரியும் 1,416, மொத்தம் 6,070-க்குள். ‘1 சதவீதம்’ மலிவாகவும் ‘14 சதவீதம்’ கொள்ளையாகவும் தெரிந்தது, கணக்குப் போட்டால் தலைகீழ்.

இதை நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு தவணையில் கட்டினால், சராசரியாக நம் கையில் இருக்கும் கடன் அசலில் பாதிக்குச் சற்று மேல். 60,000-க்கு 32,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செலவையும் கூட்டி அதால் வகுத்தால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ வந்துவிடும். கார்டுக்கு 28 சதவீதம், கடனுக்கு 19 சதவீதம்.

ஆனால் எப்போதும் கடன்தான் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல வங்கிகள் கடனுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் வைத்திருக்கின்றன. இருபதாயிரத்தை ஆறு மாதத்தில் அடைக்கப் போகிறவருக்கு அந்தக் கட்டணம் 2,000 ரூபாய் என்றால், வட்டி மிச்சமாவதை அதுவே தின்றுவிடும். அங்கே கார்டு தவணையே மலிவு.

‘நோ காஸ்ட்’ தவணை என்று கடையில் சொன்னால், வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுத்து ஈடு செய்கிறார்கள் என்று பொருள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி பெரும்பாலும் நம் தலையில்தான். அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் மாற்றுவதற்கு முன்பே தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதித்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ரொக்கத்துக்கு என்ன விலை என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மாற்றிய பிறகு நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. தவணை ஓடும்போது பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’யை மட்டும் கட்டினால், மளிகை, பெட்ரோல் என்று அதே கார்டில் செய்த மற்றச் செலவுகளுக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறக்கூடும். புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. அப்புறம் மேலே போட்ட கணக்குக்கே அர்த்தம் இல்லை.

அண்ணி கடைசியில் இரண்டையும் எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்த இரண்டு வளையலை வங்கியில் 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, கெடு தேதிக்கு முன் கார்டு பில்லை முழுசாக அடைத்தார். மாதம் 5,000 வீதம் அசலில் கட்டிக் குறைத்துக்கொண்டு வந்ததில், வட்டி 3,250 ரூபாய் அளவில் முடிந்தது.