"சொல்லிட்டு வாங்க" வேறு, "கேட்டுட்டு வாங்க" வேறு: விருந்தாளிகள் பற்றி அறைத்தோழியிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். ஒரு அறை அக்காவுக்கு. சொந்த அக்கா இல்லை, என்னைவிட நாலு வயது பெரியவர், குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். இன்னொரு அறையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் தோழியும். குளியலறை ஒன்றுதான், அதன் கதவு நேராக ஹாலைப் பார்த்துத் திறக்கும். எனக்கு இரவு ஷிஃப்ட். விடிகாலை நாலரைக்கு கேப் கொண்டுவந்து விடும், மதியம் வரை தூங்குவேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் குளித்து முடித்து, தலையில் துண்டும் நைட்டியுமாகக் கதவைத் திறந்தேன். ஹாலில் அக்காவின் தம்பியும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், நல்ல பையன்கள். எனக்குத்தான் உடம்பு கூசிவிட்டது. அறைக்கு ஓடி உடை மாற்றிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே டீ போட்டுக்கொண்டிருந்த அக்காவிடம், "கேட்காம கூட்டிட்டு வந்துட்டீங்களேக்கா" என்றேன்.

"நானும்தானே வாடகை குடுக்கறேன்? என் தம்பி வர உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றார். அதற்கப்புறம் நாலு நாள் பேச்சில்லை.

என் குறை நியாயமானது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன ஒரே வரியில் மூன்று தவறு செய்தேன்.

நேரமும் இடமும்

விருந்தாளி வீட்டுக்குள் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. எங்கள் சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே கதவு கிடையாது. நான் மெதுவாகத்தான் பேசினேன், இருந்தும் தம்பி காதில் விழுந்திருக்கும் என்று அக்கா நினைத்தார். வீட்டுக்கு வந்தவர் முன்னால் தலைகுனிவு என்றால் நம்மூரில் யாரும் அப்போது நியாயத்தை யோசிக்க மாட்டார்கள், மானத்தைத்தான் காப்பாற்றுவார்கள். அவர்கள் போன அரைமணி நேரத்தில் பேசுவதும் ஏறக்குறைய அதே கதைதான். ஒரு நாள் இடைவெளி போதும். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அதற்குள் வேறு நாலு கோபம் சேர்ந்துவிடும், பேச உட்காரும்போது எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடுவதும் வேண்டாம். "இனிமேல் எல்லாரும் கெஸ்ட் வந்தா முன்னாடியே சொல்லவும்" என்று எழுதினால், அந்த "எல்லாரும்" யார் என்று மூன்று பேருக்கும் தெரியும். சொல்லவேண்டியவரிடம் நேரில், உட்கார்ந்து சொல்லுங்கள். முடிவான பிறகு நினைவுக்காகக் குழுவில் போடுவது வேறு விஷயம்.

'கேட்பது' என்ற சொல்

என் பெரிய தவறு இதுதான், ரொம்பப் பேர் செய்வதும் இதைத்தான். எனக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல். ஹாலில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்திருப்பேன், அவ்வளவுதான். ஆனால் வாயில் வந்தது "கேட்காம". கேட்பது என்றால் அனுமதி. கேட்கிறவர் கீழே, கொடுக்கிறவர் மேலே என்று ஆகிவிடுகிறது. நான் தகவலைப் பற்றிப் பேசுகிறேன், அவர் அதிகாரத்தைப் பற்றிப் பதில் சொல்கிறார். அக்கா "பர்மிஷன்" என்ற சொல்லைத் தானாக இழுத்து வரவில்லை, என் வரியிலேயே அது இருந்தது.

"சொல்லாம" என்று சொல்லியிருந்தால் பாதி பிரச்சினை அன்றே இல்லை. மீதிப் பாதி, நாம் சொல்லும் காரணத்தில் இருக்கிறது. காரணம் நம் பக்கத்திலிருந்து வரவேண்டும். நாலு நாள் கழித்து, காபி குடிக்கும்போது நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

"அக்கா, அன்னைக்கு நான் பேசின விதம் தப்பு. தம்பி வந்ததுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஹால்ல ஆள் இருக்கறது தெரியாம நைட்டியோட வந்து நின்னுட்டேன், ரொம்பக் கூச்சமாப் போச்சு. யாராவது வர்றதா இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க. நானும் அதே மாதிரி போடறேன்."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீ தூங்கறேன்னு நெனச்சுதான் சொல்லல" என்றார். என்னை எழுப்ப வேண்டாமே என்று விட்டதை நான் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. பெண்கள் தங்கும் வீட்டில் "பசங்க வந்தா மட்டும் சொல்லுங்க" என்று விதியைச் சுருக்கத் தோன்றும். வேண்டாம். அப்படிச் சொன்ன உடனே பேச்சு நடத்தை பக்கம் போய்விடும், "என்னைப் பத்தி என்ன நெனச்சே?" என்ற கேள்வி வரும். வருகிறவர் யார் என்பது விதியில் வரவே கூடாது. அம்மா வந்தாலும் மெசேஜ், ஆபீஸ் தோழி வந்தாலும் மெசேஜ்.

வீட்டு ஓனரைத் துணைக்கு இழுப்பதும் இப்படித்தான் திரும்பி அடிக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, ஓனர்தான் திட்டறார்" என்பது சுலபமான வழியாகத் தெரியும். அக்கா ஒருநாள் ஓனரிடமே கேட்டு, அவர் "அப்படி ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றுவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். ஓனர் உண்மையிலேயே நிபந்தனை போட்டிருந்தால், வாடகை ஒப்பந்தத்தில் அந்த வரியை மூன்று பேரும் சேர்ந்து படித்துக்கொள்ளுங்கள். அது அவருடைய விதி, உங்கள் கூச்சம் உங்களுடையது. இரண்டையும் கலக்காதீர்கள்.

"முன்னாடியே" என்றால் எப்போது?

"முன்னாடியே சொல்லுங்க" என்று முடித்துவிட்டால் விதி ஒரு வாரம்கூடத் தாங்காது. எனக்கு அது முந்தின நாள், அக்காவுக்கு அது கீழே கேட்டில் நிற்கும்போது. இரண்டு பேருமே விதியைக் காப்பாற்றியதாக நினைப்போம், இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

நாங்கள் மூவரும் பேசியபோது தெரிந்தது, வருகைகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது. பகலில் வந்து ஒன்றிரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு மெசேஜ் போதும். திடீரென்று வந்துவிட்டால் அவர்கள் படியேறும்போது போட்டாலும் சரி. இதில் யாரும் மறுப்புச் சொல்ல முடியாது, இது வெறும் தகவல்.

ராத்தங்கல் அப்படி இல்லை. குளியலறை ஒன்று, காலையில் எட்டரைக்குள் இரண்டு பேர் கிளம்ப வேண்டும், தண்ணீர் லாரி வராத நாளில் தொட்டியும் சீக்கிரம் காலியாகிவிடும். அதனால் இதற்கு மட்டும் முந்தின நாளே கேட்டு, மற்ற இருவரும் சரி என்று சொல்லவேண்டும். ஆமாம், இங்கே மட்டும் அது 'கேட்பது'தான். மூன்று ராத்திரிக்கு மேல் போனால் மறுபடி பேச வேண்டும். வீட்டுச் சாவியை வெளியாளிடம் கொடுப்பதற்கும் மூன்று பேரின் சம்மதம். ஆஸ்பத்திரி, ரயில் தவறியது மாதிரி அவசரம் என்றால் கதவைத் திறந்துவிட்டு அப்புறம் சொல்லலாம்.

தகவல் போதும் என்கிற இடத்தையும் சம்மதம் வேண்டும் என்கிற இடத்தையும் இப்படிப் பிரித்ததால்தான் அக்காவுக்கு இது கட்டுப்பாடாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதம் கேட்கிறவரைத்தான் ஹாஸ்டல் வார்டன் என்பார்கள்.

மெசேஜ் வந்த பிறகு

விதி போடும்போது பதமாகப் பேசிவிட்டு, அது நடைமுறைக்கு வந்ததும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அக்காவின் முதல் மெசேஜ் இப்படி வந்தது: "மதியம் ரெண்டு மணிக்கு தம்பி வர்றான், சாப்டுட்டு நாலு மணிக்குக் கிளம்பிடுவான்." இதற்கு "எதுக்கு வர்றார்? கூட யாரெல்லாம்?" என்று கேட்டால் அடுத்த தடவை மெசேஜ் வராது. பதில் போடாமல் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதும் தப்பு, அந்த மௌனத்தைக் கோபம் என்றுதான் படிப்பார்கள். "சரிக்கா" போதும். அன்று எனக்கு உண்மையிலேயே சிரமம் என்றால் வரவேண்டாம் என்று சொல்லாமல் என் தேவையைச் சொல்வேன்: "சரிக்கா, காலைல ஆறு மணிக்குதான் படுத்தேன், ஹால்ல டிவி சத்தம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

நம் முறை வரும்போது விதியை மறப்பதும் சகஜம். அம்மா விழுப்புரத்திலிருந்து வந்தபோது, அம்மாதானே, இதற்கு எதற்கு மெசேஜ் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் முந்தின நாள் இரவு குழுவில் கேட்டேன்: "அம்மா நாளைக்கு வர்றாங்க, ரெண்டு நாள் இருப்பாங்க, சரியா?" அக்கா தன் அறையில் இருந்த கட்டிலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நான் அக்காவுக்கு எதையும் நினைவூட்ட வேண்டி வரவில்லை.

ஒரு தடவை மட்டும் மறந்தார். அத்தை மகள் தேர்வு எழுத வந்திருந்தாள், நான் விடிகாலை வந்தபோது ஹாலில் படுத்திருந்தாள். முதல் தடவை மறப்பதைக் குற்றமாக்காதீர்கள், "அன்னைக்கே பேசினோமே" என்று பழையதைக் கிளறவும் வேண்டாம். அன்று சாயங்காலம், "அக்கா, ராத்திரி தங்கறாங்கன்னா ஒரு வார்த்தை போட்டுடுங்க, இருட்டுல கால்ல மிதிச்சுட்டேன் பாவம்" என்றேன். "ஐயோ, அவசரத்துல மறந்துட்டேன்" என்றார், முடிந்தது.

மூன்றாவது நாலாவது தடவையும் அப்படியே நடந்தால் அது மறதி இல்லை. அப்போது விதியை மறுபடி சொல்வதில் பயனில்லை, "இந்த ஏற்பாடு உங்களுக்கு ஒத்துவரலையாக்கா? எதுல சிரமம்?" என்று கேட்டுப் பார்க்கவேண்டும். அரைமணி முன்னால் என்பது அவர் வேலைக்கு ஒத்துவராமல் இருக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஆள் வாரத்தில் நாலைந்து ராத்திரி தங்குகிறார் என்றால் பேசவேண்டியது மெசேஜைப் பற்றி இல்லை. அவர் அந்த வீட்டின் நாலாவது ஆள். வாடகையையும் கரண்ட் பில்லையும் எப்படிப் பிரிப்பது, ஓனரிடம் யார் சொல்வது என்று அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.