சாண எரிவாயுவை அடுப்பில் பற்ற வைப்பது எப்படி? மீத்தேன் அளவு பார்ப்பதிலிருந்து நீலச் சுடர் வரை

சாண எரிவாயுத் தொட்டி வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. காஸ் சேரும் பை உப்பிக்கொண்டு நிற்கும், ஆனால் அடுப்பு மட்டும் பற்றாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். அதனால் தொட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து அடுப்பு வரையிலான பாதையை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையையே எடுத்துக்கொள்வோம். ஐந்து மாடுகள். பகலில் செம்பனைத் தோட்டத்தில் மேயும், இரவில் கொட்டகையில் நிற்கும். பகல் சாணம் மரத்தடிக்கே போய்விடுகிறது. காலையில் அள்ளக் கிடைப்பது ஏறக்குறைய 25 கிலோ.

எவ்வளவு காஸ் கிடைக்கும்?

ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் காஸ் வரும். 25 கிலோவுக்கு 1,000 லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு 450 லிட்டர் போலக் குடிக்கும் என்பதால், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எரிக்கலாம். சோறு, குழம்பு, டீக்கு இது தாராளம். தோங் காஸ் கணக்கில் சொன்னால் ஒரு கன மீட்டர் சாண காஸ் சுமார் 0.43 கிலோவுக்குச் சமம். 14 கிலோ தோங் ஒன்றுக்கு ஈடான காஸ் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் கிடைத்துவிடும்.

சாணமும் தண்ணீரும் சரிபாதி. வைக்கோல், கல், மண் எல்லாம் பொறுக்கிவிட்டு, கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். தினமும் 50 லிட்டர் கரைசல் உள்ளே போய், 40 நாள் தங்க வேண்டும் என்றால் தொட்டியில் கரைசலுக்கு மட்டும் 2,000 லிட்டர் இடம் தேவை. பினாங்கில் வருடம் முழுக்க வெயில் காய்வதால் தொட்டியைச் சூடாக்கும் தொல்லை நமக்கில்லை.

பையில் இருப்பது என்ன?

நன்றாக ஓடும் தொட்டியின் காஸில் 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன் இருக்கும். எரிவது அது ஒன்றுதான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது, எரிவதையும் அணைக்கப் பார்க்கும். இவை போக நீராவியும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமும் கலந்திருக்கும்.

தொட்டி தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும் காஸில் கரியமில வாயுதான் அதிகம், கூடவே பையில் முன்பே இருந்த காற்றும் சேர்ந்திருக்கும். பை உப்பிய சந்தோஷத்தில் அதைப் பற்ற வைக்காதீர்கள். மீத்தேனும் காற்றும் கலந்து, மீத்தேன் 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் அது வெடிக்கும் கலவை. முதலில் நிரம்பும் ஒன்றிரண்டு பை காஸை, வீட்டுக்கு எட்ட, திறந்த வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் அப்படியே வெளியேற்றிவிடுங்கள்.

முதல் படி: மீத்தேன் அளவு பார்ப்பது

இதற்கு விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. மருந்துக் கடையில் 60 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். ஹார்டுவேர் கடையில் காஸ்டிக் சோடா கிடைக்கும். 100 மில்லி தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது; கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து.

காஸ் குழாயிலிருந்து சிரிஞ்சில் காஸை இழுத்து வெளியே தள்ளுங்கள். இன்னொரு முறையும் அப்படியே செய்தால் சிரிஞ்சில் இருந்த பழைய காற்று போய்விடும். அப்புறம் சரியாக 50 மில்லி காஸ் எடுங்கள். முனையை சோடாக் கரைசலில் முக்கி, 10 மில்லி கரைசல் இழுங்கள். தண்டு இப்போது 60-இல் நிற்கும். முனையைக் கையுறை விரலால் அடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கரியமில வாயு சோடாவில் கரைய, உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்டு உள்ளே போகப் பார்க்கும். அதை 60-லேயே பிடித்துக்கொண்டு, முனை கீழே பார்த்தபடி மறுபடியும் கரைசலில் முக்கி விரலை எடுத்தால், கரைந்துபோன வாயுவின் இடத்துக்குக் கரைசல் தானாக ஏறும். மேலும் ஏறாத வரை குலுக்குவதையும் முக்குவதையும் திரும்பச் செய்யுங்கள்.

கரைசல் 29 மில்லிக் கோட்டில் நின்றால், மேலே மிஞ்சியிருப்பது 31 மில்லி காஸ். 31-ஐ 50-ஆல் வகுத்தால் 62 விழுக்காடு. நல்ல காஸ், எரிக்கலாம். 45-க்குக் கீழே வந்தால் சுடர் நிலைத்து நிற்காது, இன்னும் சில நாள் பொறுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காற்றும் சோடாவில் கரையாது. எனவே 75, 80 என்று வந்தால் குதிக்காதீர்கள். சாணத்திலிருந்து அவ்வளவு மீத்தேன் வருவதில்லை. எங்கேயோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் தீக்குச்சியைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. முதலில் ஓட்டையைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: குழாய்ப் பாதை

பைக்கும் அடுப்புக்கும் நடுவில் வால்வைத் தவிர மூன்று சாமான்கள் வேண்டும். ஒன்று, தண்ணீர்ப் பொறி. காஸில் உள்ள நீராவி இரவில் குளிர்ந்து குழாயில் தண்ணீராகத் தேங்கும், அடுப்பு திக்கித் திக்கி எரியும். குழாயைச் சரிவாக வைத்து, மிகத் தாழ்வான இடத்தில் ஒரு டீ இணைப்பு போட்டு, அதன் கீழ்க்குழாயை தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முக்கிவிடுங்கள். தேங்கும் தண்ணீர் அதில் இறங்கும். பையில் அழுத்தம் கூடினால் காஸும் அந்தப் பாட்டில் வழியே குமிழிட்டு வெளியேறிவிடும், பை கிழியாது. அதனால் பாட்டில் வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, துருப்பிடித்த இரும்புக் கம்பளி அடைத்த ஒரு பிவிசி குழாய். முட்டை நாற்ற வாயுவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். புதுக் கம்பளி சரிவராது, துருதான் வேலை செய்கிறது. பழையதை மாற்றும்போது வெளியே வைத்து உடனே தண்ணீர் தெளியுங்கள். காற்றுப் பட்டதும் அது சூடேறும், சில சமயம் புகையும்.

மூன்றாவது, அடுப்புக்கு முன்னால் குழாயினுள் சுருட்டி வைத்த மெல்லிய பித்தளை வலை. சுடர் குழாய்க்குள் திரும்பினால் வலை அதன் சூட்டை உறிஞ்சித் தடுக்கும்.

இணைப்புகளைச் சோப்பு நுரை தடவித்தான் சோதிக்க வேண்டும். நெருப்பு காட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்வது!

மூன்றாம் படி: அடுப்பு

தோங் காஸ் அடுப்பில் இது ஏன் எரிவதில்லை? தோங் காஸ் ஒரு பங்கு எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். 60 விழுக்காடு மீத்தேன் உள்ள சாண காஸுக்கு 6 பங்குகூடத் தேவையில்லை. அழுத்தமும் குறைவு: தோங் ரெகுலேட்டருக்குப் பின்னால் சுமார் 28 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தம் என்றால், இங்கே 8 முதல் 10 சென்டிமீட்டர்தான். அந்த அளவு வர, பையின் மேல் மணல் மூட்டை வைப்பார்கள். ஆகவே காஸ் வெளிவரும் ஜெட் துளை பெரிதாக இருக்க வேண்டும். தோங் அடுப்பில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாண காஸுக்கு ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர்.

பழைய அடுப்பின் ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. சாண காஸ் சுடர் மெதுவாகப் பரவுவதால், பழைய பர்னரின் சின்னத் துளைகளில் அது மேலெழும்பி அணைந்துவிடும். அதைவிட மோசம், என்றைக்காவது யாராவது அந்த அடுப்பைத் திரும்பத் தோங்கில் மாட்டினால் ஏழு மடங்கு காஸ் பீறிட்டு வரும். சாண காஸுக்கென்றே செய்த அடுப்பை வாங்குவதுதான் நல்லது. தோங் ரெகுலேட்டரை இங்கே பொருத்த வேண்டாம். காலித் தோங்கில் இந்தக் காஸை அடைக்கும் யோசனையும் வேண்டாம். மீத்தேனை எவ்வளவு அழுத்தினாலும் நம் ஊர் வெப்பத்தில் திரவமாகாது, அழுத்தம்தான் ஏறிக்கொண்டே போகும்.

நான்காம் படி: பற்ற வைப்பது

சன்னலைத் திறங்கள். இந்தக் காஸின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான். தோங் காஸ் போல் கீழே தங்காது, மேலே விரைந்து போய்விடவும் செய்யாது, அறை முழுக்கக் கலந்து நிற்கும். எனவே கீழேயும் மேலேயும் காற்றோட்டம் வேண்டும்.

பர்னருக்குள் காற்று நுழையும் வாயை மூடித் திறக்கும் காற்றுத் தடுப்பை முழுக்க மூடுங்கள். நீள மூக்கு லைட்டரைப் பர்னரில் பிடித்த பிறகுதான் காஸைத் திறக்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. முதலில் சுடர் நீளமாக, மஞ்சள் சாயலோடு ஆடும். காற்றுத் தடுப்பை மெல்லத் திறந்துகொண்டே வந்தால் குட்டையாகி, நீலமாகி, ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னக் கூம்பு தெரியும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் திறந்தால் சுடர் துளையை விட்டு எழும்பி, உஸ்ஸென்று சத்தம் போட்டு அணையும்.

மஞ்சளாகவே எரிந்து பானை கரி பிடித்தால் காற்று போதவில்லை. கார்பன் மோனாக்சைடு வரும், தலைவலி அதன் முதல் அறிகுறி. காற்றைக் குறைத்தும் சுடர் எழும்பிக்கொண்டே இருந்தால் மீத்தேன் குறைந்திருக்கிறது, சிரிஞ்சை எடுங்கள்.

இந்த அடுப்புகள் பெரும்பாலானவற்றில் சுடர் அணைந்தால் காஸை நிறுத்தும் அமைப்பு கிடையாது. எரிகிற அடுப்பை விட்டுவிட்டு நகரக் கூடாது. பை தொய்யத் தொடங்கியதும், காஸ் முழுக்கத் தீரும்வரை காத்திராமல், சுடர் உறுதியாக இருக்கும்போதே அடுப்பு வால்வை மூடி, அப்புறம் பைப் பக்க வால்வையும் மூடுங்கள்.

திடீரென்று மீத்தேன் குறைந்தால்

சித்தப்பா கொட்டகையில் இது நடந்தது ஒரு பொங்கலுக்கு அப்புறம். மீந்த சோறும் தேங்காய்ப் பூவும் மொத்தமாகத் தொட்டிக்குள் போயின. அவை வேகமாகப் புளித்து அமிலமாகின, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தில் வேலை செய்யாது. பை உப்பியது, கரைசலில் புளித்த வாடை, சிரிஞ்சில் 41. ஊற்றுவதை நிறுத்திவிட்டு, புளிப்பு அடங்கியதும் பாதி அளவிலிருந்து சாணக் கரைசலை மட்டும் ஊற்ற, எண் மெல்ல ஏறியது. பிளீச் ஊற்றிக் கழுவிய தண்ணீரும், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணமும் இதேபோல் மீத்தேனைக் குறைத்துவிடும், அவற்றைத் தனியே ஒதுக்குங்கள். அடைமழை நாளில் ஊற்றும் வாய்க்கு மூடி போடுங்கள்; மழைநீர் புகுந்தால் பாதி செரித்த கரைசல் அடுத்த வாய் வழியே வெளியேறிவிடும்.

தொட்டி அடைத்துக்கொண்டால் நீண்ட கம்பால் வெளியிலிருந்தே குத்துங்கள். உள்ளே யாரும் இறங்கவே கூடாது. அங்கே பிராணவாயு இருக்காது. முட்டை நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பவும் முடியாது, அந்த வாயு அதிகமானால் மூக்கு அதை உணரும் சக்தியையே இழந்துவிடும்.