ஸ்டெபிலிட்டி ஷூ வாங்கும் முன்: நடைப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

ஓட்டக் காலணிக் கடைகளில் பொதுவாக இரண்டு சோதனைகள் செய்வார்கள். வெறுங்காலோடு ஒரு அழுத்தப் பலகையில் நிற்கச் சொல்வார்கள். திரையில் பாதம் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும். அடுத்து டிரெட்மில்லில் அரை நிமிடம் ஓடவிட்டுப் பின்னாலிருந்து வீடியோ எடுப்பார்கள். குதிகாலின் மேல் ஒரு கோடு போட்டு, "உங்களுக்கு ஓவர் புரொனேஷன் சார், ஸ்டெபிலிட்டி ஷூதான் சரி" என்பார்கள். பாதம் உள்பக்கம் அதிகம் சாயாமல் தாங்க வடிவமைத்த ஷூ அது. சோதனை பயனுள்ளதுதான். அதைச் செய்கிற விதத்திலும் படிக்கிற விதத்திலும்தான் தவறு நுழைகிறது.

முதலில், புரொனேஷன் ஒரு நோய் இல்லை. ஓடும்போது பெரும்பாலோர் குதிகாலின் வெளி ஓரத்தில்தான் தரையைத் தொடுகிறார்கள். உடனே கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டு உள்பக்கமாகச் சாய்கிறது, பாத வளைவு தாழ்கிறது, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் கொஞ்சம் உள்ளே திரும்புகிறது. இந்தச் சாய்வுதான் புரொனேஷன். விழுகிற அடியைப் பாதம் வாங்கிக்கொள்வது இப்படித்தான். பிறகு, தரையை உதைத்து எழும் நேரத்தில், பாதம் திரும்பவும் விறைத்து நிமிர்கிறது. ஆகவே 'சாய்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. எவ்வளவு தூரம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது, உதைக்கும் முன் திரும்பி வருகிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை.

நிற்கும் பாதம் இதில் எதையும் சொல்லாது. தட்டைப் பாதம் என்று பலகை காட்டிய பலர் ஓடும்போது நன்றாகவே திரும்பி வருகிறார்கள். உயர்ந்த வளைவு உள்ள சிலர் ஓட ஆரம்பித்ததும் சரிகிறார்கள். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதுப் பயிற்சியாளர்களில் ஒரு பிரிவுக்குப் பாதத்தின் வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வடிவத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஸ்டெபிலிட்டி ஷூவே கொடுத்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி வேறுபடவில்லை. ஈரக் காலால் தரையில் அச்சுப் பதித்துப் பார்க்கும் வீட்டுச் சோதனைக்கும் இதே குறைதான்.

பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்து, "வெளிக் குதிகால் தேய்ந்திருக்கிறது, நீங்கள் சூபினேஷன்", அதாவது பாதம் வெளிப்பக்கம் சாய்கிறது, என்பதும் அப்படியே. வெளி ஓரத்தில் இறங்குவது இயல்பு என்பதால் அங்கே தேய்வதும் இயல்பு. முன்பாதத்தின் வெளி விளிம்பும் சேர்ந்து கடுமையாகத் தேய்ந்திருந்தால்தான் சூபினேஷனைச் சந்தேகிக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஏற்றது நல்ல குஷன் உள்ள, சாய்வைத் திருத்த முயலாத நியூட்ரல் ஷூ. உள்பக்கம் கெட்டியான ஃபோம் வைத்த ஸ்டெபிலிட்டி ஷூ, ஏற்கெனவே வெளியே சாயும் பாதத்தை இன்னும் வெளியே தள்ளும்.

அடையாறில் இருக்கும் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் ஓடப் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தட்டைப் பாதம்னு சொல்லி இதைக் கொடுத்தாங்க சார். மூணு வாரமா முழங்காலுக்கு வெளிப்பக்கம் வலிக்குது" என்று என்னிடம் வந்தார். உள்பாத வளைவில் ஷூ உரசிக் கொப்புளமும் போட்டிருந்தது. கடையில் அவரை ஓடவிட்டது தேய்ந்து போன பழைய ஷூவில், இருபது நொடிகள், படமெடுத்தது நின்ற உயரத்தில் பிடித்த டேப்லெட்டில்.

அந்தப் படத்தில் எத்தனை குறை இருக்க முடியும் என்று பாருங்கள். ஒரு பாதம் தரையில் இருப்பது கால் நொடி அளவுதான். நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் வீடியோவில் அதற்கு ஏழெட்டுப் படம்தான் கிடைக்கும். சாய்வின் உச்சம் இரண்டு படங்களுக்கு நடுவே தவறிப் போகலாம். போனில் ஸ்லோமோஷனை 240 பிரேமில் வைத்தால் ஏறக்குறைய அறுபது படம் கிடைக்கும். கேமரா மேலிருந்து கீழே பார்த்தால் கோணம் பொய் சொல்லும். குதிகால் உயரத்தில், பெல்ட்டுக்கு நேர் பின்னால் வைக்க வேண்டும். டிரெட்மில் பழகாதவர் முதல் சில நிமிடங்கள் தயங்கித் தயங்கி ஓடுவார், அதனால் ஐந்தாறு நிமிடம் தன் வழக்கமான வேகத்தில் ஓடிய பிறகே படமெடுக்க வேண்டும். வெறுங்காலில் ஓடவிட்டால் பலர் முன்பாதத்தில் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஓட்டம் ஷூவில் ஓடும் ஓட்டம் ஆகாது.

இவருக்கு ஷூவின் பின்புறத்திலும் கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியிலும் நேர்க்கோடாக டேப் ஒட்டி, நியூட்ரல் ஷூ ஒன்றிலும் புது ஸ்டெபிலிட்டி ஷூவிலும் ஒரே வேகத்தில் படமெடுத்தோம். நியூட்ரலில் குதிகால் உள்ளே சாய்ந்தது, பாதி வழியில் உச்சம் தொட்டது, உதைக்கும் முன் நிமிர்ந்து வந்தது. வலது பாதத்தை மட்டும் அவர் வெளிநோக்கித் திருப்பி வைக்கிறார். பின்னாலிருந்து பார்த்தால் பாதத்தின் வெளிப்பக்கம் அதிகம் தெரிவதால், அதுவே மிகையான சாய்வு போலத் தோற்றம் தரும். கடையில் ஏமாந்தது இதில்தான். ஸ்டெபிலிட்டி ஷூவிலோ பாதம் வெளி ஓரத்திலேயே நின்று உருண்டது, உள்ளே வரவே இல்லை.

நியூட்ரலுக்கு மாறினார், இரண்டு வாரம் தூரத்தையும் பாதியாகக் குறைத்தார், வலி படிப்படியாக அடங்கியது. குணமானதற்கு ஷூ மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். குறைத்த தூரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

டிரெட்மில் காட்டாத ஒன்று நம் சாலைகளில் இருக்கிறது. மழைநீர் வடிய சாலையின் ஓரம் சரிவாக இருக்கும். ஈசிஆரில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரத்திலேயே ஓடினால், மேட்டுப் பக்கம் இருக்கும் இடது கால் உள்ளேயும் பள்ளத்துப் பக்கம் இருக்கும் வலது கால் வெளியேயும் சாய்ந்துகொண்டே இருக்கும். எலியட்ஸ் கடற்கரையின் ஈர மணலிலும் இதே கதைதான். ஒரு காலில் மட்டும் தொந்தரவு என்றால் ஷூவைச் சந்தேகிக்கும் முன் ஓடும் பக்கத்தை மாற்றிப் பாருங்கள்.

அப்படியானால் ஸ்டெபிலிட்டி ஷூ வீண் செலவா? இல்லை. 2014-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கும் ஒரே மாதிரி நியூட்ரல் ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தபோது, உள்ளே சாயும் பாதம் உள்ளவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. ஆனால் 2016-இல் வெளியான லக்சம்பர்க் ஆய்வில் 372 பேரை இரண்டாகப் பிரித்து, சாய்வைக் கட்டுப்படுத்தும் ஷூவையும் சாதாரண ஷூவையும் கொடுத்தபோது, சாயும் பாதம் உள்ளவர்களுக்கு முதல் வகை உதவியது. என் கணிப்பு இது: நல்ல படத்தில் சாய்வு உதைக்கும்வரை நிமிராமல் தொடர்ந்து, கணுக்காலின் உள்புறமோ கணைக்கால் எலும்பின் உள்விளிம்போ அடிக்கடி வலிக்கிறவருக்கு அதை முயன்று பார்ப்பது நியாயம். வலியே இல்லாமல் பழைய நியூட்ரலில் ஓடிக்கொண்டிருப்பவர், படத்தில் சாய்வு தெரிகிறது என்பதற்காக மாற வேண்டியதில்லை.

வாங்கும்போது இரண்டு வகையையும் போட்டுப் பார்த்து, இரண்டிலும் படமெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றில் சாய்வு குறைந்து, காலுக்கும் சுகமாக இருந்தால் அதை எடுக்கலாம். படம் நன்றாக இருந்தும் வளைவில் ஏதோ முட்டுகிறது என்றால் வேண்டாம். கடையிலேயே முட்டுவது பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளமாகும். ஏற்கெனவே மருத்துவர் தந்த இன்சோல் இருந்தால் அதைப் போட்டே சோதியுங்கள், ஏனெனில் அதன் மேல் ஸ்டெபிலிட்டி ஷூவும் சேர்ந்தால் திருத்தம் இரட்டிப்பாகிவிடும்.

ஒரு காலில் மட்டும் வளைவு அண்மையில் தாழ்ந்திருந்தாலோ, அந்தக் காலை மட்டும் ஊன்றிக் குதிகாலை உயர்த்த முடியாவிட்டாலோ, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருந்தாலோ, கடைக்குப் போகாமல் எலும்பு மருத்துவரிடமோ பாத மருத்துவரிடமோ போங்கள். உள்கணுக்காலின் பின்னே ஓடும் தசைநார் பழுதாகியிருக்கலாம். அதைப் பிடித்துக் கண்டுபிடிக்க டிரெட்மில் வீடியோவால் முடியாது.