டவர் இல்லாத இடத்தில் லாகின் கோடு

அஞ்செட்டி மலைப்பக்கம் வேலை பார்ப்பவர்கள் மெயில் கணக்குக்கு, லாகின் கோடைப் போனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆபீஸ் வைஃபையில் நெட் இருக்கும், போனில் டவர் இருக்காது, எஸ்எம்எஸ் வருவதற்குள் கோடு காலாவதியாகிவிடும். ஆப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, முதலில் கணக்கின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது சேமித்த ரகசியச் சாவியையும் போன் கடிகாரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒரு புது எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டும். சரியாக அடித்தும் ஏற்கவில்லையா? போனில் நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள், பெரும்பாலும் அதுதான் கோளாறு.

எஸ்எம்எஸ்ஸில் இன்னொரு ஆபத்து, உங்கள் எண்ணுக்கு எவனாவது டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் உங்கள் சிம் செத்துவிடும், கோடு அவனுக்குப் போகும். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டவர் இருக்க உங்கள் போன் மட்டும் நெடுநேரம் செத்துக் கிடந்தால் உடனே வேறு போனிலிருந்து சிம் கம்பெனிக்குக் கூப்பிடுங்கள்.

அதற்காக வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆப்பைத் திணிக்காதீர்கள். போன் தொலைந்தால் எஸ்எம்எஸ்காரருக்கு அதே எண்ணில் புது சிம் கிடைக்கும், ஆப்காரர், இப்படிப்பட்ட நேரத்துக்காக மெயில் கணக்கு முன்கூட்டியே தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்காவிட்டால் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டி வரலாம். அப்புறம், போலி லாகின் பக்கத்தில் அடித்தால் எந்தக் கோடாக இருந்தாலும் போச்சு.