மாத்திரை தீரும் தேதிக்கும் டாக்டரைப் பார்க்கும் தேதிக்கும் தனி நினைவூட்டல் வைப்பது எப்படி?

அம்மாவுக்கு பிரஷர், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை. தினசரி வேளைக்கு ஃபோனில் அலாரம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். இது வேறு விஷயம். வேளை அலாரம் அடித்தால் ஒரு நிமிடத்தில் மாத்திரையைப் போட்டு அணைத்துவிடலாம். மாத்திரை வாங்குவது அப்படி இல்லை. கோத்தகிரியில் கேட்ட பிராண்டு இல்லையென்றால் கீழேயிருந்து வரவழைக்க வேண்டும். ஐப்பசி மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்தால் அதுவும் தள்ளிப்போகும். இரண்டுக்கும் ஒரே சத்தம் வைத்தால், பழக்கத்தில் கை இதையும் அணைத்துவிடும்.

அதனால் வேளைக்கு அலாரம், மற்றதுக்கு Google Calendar. கம்ப்யூட்டரில் திறந்து, இடப்பக்கம் Other calendars பக்கத்தில் உள்ள + குறியை அழுத்தி Create new calendar கொடுங்கள். ‘அம்மா மருந்து’ என்று பெயர் வைத்து, கண்ணில் படும் நிறம் ஒன்றைத் தாருங்கள்.

தேதியைக் கணக்கிடுவது

‘30 நாளுக்கு ஒருமுறை’ என்று Repeat போடாதீர்கள். அட்டைகள் 10, 15 என்று வெவ்வேறு எண்ணிக்கையில் வருவதால் எல்லா மாத்திரையும் ஒரே நாளில் தீராது. கையில் இருப்பதை எண்ணுவதுதான் நம்பகமான வழி.

அக்டோபர் 3 இரவு, அன்றைய மாத்திரை எல்லாம் போட்ட பிறகு எண்ணினோம். டெல்மிசார்டான் 38, தினம் ஒன்று: நவம்பர் 10 வரை வரும். மெட்ஃபார்மின் 52, தினம் இரண்டு: 26 நாள், அக்டோபர் 29 வரை. தைராக்ஸின் 61: டிசம்பர் 3 வரை. முதலில் தீர்வது மெட்ஃபார்மின். அதிலிருந்து பத்து நாள் பின்னால் வந்தால் அக்டோபர் 19. அந்தத் தேதியில் ‘மாத்திரை வாங்கு, மெட்ஃபார்மின் 29 வரைதான்’ என்று முழுநாள் நிகழ்வாக எழுதுங்கள். சமவெளியில் ஐந்து நாள் போதும், மலையில் பத்து வையுங்கள். வாங்கி வந்த அன்றே திரும்ப எண்ணி அடுத்த தேதியைப் போட்டால்தான் வேலை முடிந்தது.

வேளை நினைவூட்டும் செயலிகள் சிலவற்றில் இருப்பு எண்ணும் வசதி உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘போட்டாச்சு’ என்று அழுத்தினால்தான் எண் குறையும். அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு அழுத்தாமல் விட்டால், டப்பா காலியான பிறகும் செயலியில் எட்டு இருக்கும்.

டாக்டர் தேதி

அக்டோபர் 3-ல் டாக்டரைப் பார்த்து, சீட்டில் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தால் ஜனவரி 3. அதை மட்டும் எழுதினால் போதாது, ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். டிசம்பர் 20-ல் ‘டாக்டரிடம் நேரம் வாங்கு’, 29-ல் ‘ரத்தம் கொடு, வெறும் வயிறு’ என்று தனித்தனியாகப் போடுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c-க்கு வெறும் வயிறு தேவையில்லை, கூடவே எடுக்கும் காலைச் சர்க்கரைக்குத் தேவை. டாக்டர் தேதிக்கு அப்புறமும் பத்து நாளைக்கு மாத்திரை இருக்கட்டும். அதற்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம், அளவு மாறினால் வீணாகும்.

தம்பிக்கு மணி அடிக்காத சிக்கல்

கோவையில் இருக்கும் தம்பியையும் Share with specific people வழியாகச் சேர்த்தேன். நிகழ்வு அவன் ஃபோனில் தெரிந்தது, மணி மட்டும் அடிக்கவில்லை. காரணம் பிடிபட வெகுநேரம் ஆனது. காலண்டரைப் பகிர்ந்தாலும் அறிவிப்பு அவரவருக்குத் தனி. நான் வைத்த மணி எனக்கு மட்டும்தான். அவன் தன் கணக்கில் நுழைந்து, Settings-ல் இந்தக் காலண்டரைத் தேர்ந்து, All-day event notifications பகுதியில் Add notification கொடுக்க வேண்டும். அன்றே காலை 9 மணிக்கு ஒன்று, முந்தைய நாள் ஒன்று. நாளைய தேதியில் ஒரு பொய் நிகழ்வு போட்டு, இரண்டு ஃபோனிலும் மணி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இன்சுலினுக்கு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மில்லிக்கு 40 யூனிட் உள்ள வகையில், 10 மில்லி குப்பியில் மொத்தம் 400 யூனிட். தினம் 16 யூனிட் என்றால் 25 நாள். தினம் 10 யூனிட்தான் என்றால் கணக்கு 40 நாள் காட்டும், ஆனால் பல வகைகளைத் திறந்து 28 நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பெட்டிக்குள் உள்ள தாளில் உங்கள் வகைக்கான நாளைப் பார்த்து, இரண்டில் எது முந்தியோ அதை வையுங்கள். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்களும் எண்ணித்தான் தேதி போட வேண்டும். வருபவரிடம் அடுத்த தேதியைக் கேட்டு, அதற்கு முன்பே தீர்ந்துவிடுமா என்று அப்போதே பார்த்துச் சொல்லிவிடுங்கள்.