முப்பது வரும்வரை எதையும் எடைபோடாதீர்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னத் தொல்லை. 12 பேர் வேலை செய்கிறோம். சாயங்காலமானால் தொட்டி நிறையக் கழுவாத காபிக் கோப்பைகள். என்ன செய்யலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிப் பதில்களைத்தான் சொன்னார்கள்: அறிவிப்பு ஒட்டலாம், முறை வைக்கலாம், அபராதம் போடலாம், கழுவ ஆள் வைக்கலாம். நான்கும் யாருக்கும் தோன்றக்கூடியவை. அறிவிப்பை ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டிப் பார்த்தாயிற்று.

இந்த நான்கைத் தாண்டிப் போக எளிய வழி ஒன்று உண்டு. எத்தனை யோசனை வேண்டும் என்று முதலிலேயே எண்ணிக்கை வைத்துக்கொண்டு, அது நிறையும்வரை எதையும் நல்லது கெட்டது என்று பார்க்காமல் இருப்பது. குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் பிரைன்ஸ்டார்மிங் முறைக்கு விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் வகுத்த விதிகளிலும் இதற்கு நெருக்கமான இரண்டு உண்டு: யோசனைகள் நிறைய வரட்டும், குறை சொல்வதைத் தள்ளிப்போடுங்கள். இப்போது செய்முறை.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். கேள்விக்குள்ளேயே விடை ஒளிந்திருக்கக் கூடாது. “எல்லோரையும் எப்படிக் கழுவ வைப்பது?” என்று எழுதினால் திட்டுவதும் கெஞ்சுவதும்தான் வரும். “சாயங்காலம் தொட்டி காலியாக இருக்க என்னென்ன வழிகள்?” என்று மாற்றினேன். கழுவுவது அதில் ஒரு வழி மட்டுமே.

2. எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நிற்காமல் எழுதிக்கொண்டே போய், பேனா முதன்முறை நிற்கும் இடத்தில் எண்ணிப் பாருங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். எனக்கு 10-இல் நின்றது, ஆகவே இலக்கு 30. இது என் கைக்கணக்குதான், விதி இல்லை. ஆனால் 12, 13 என்று வைத்தால் பயனில்லை. முதல் வேகத்திலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். ஒருவர் அடுத்தடுத்துச் சொல்லும் யோசனைகளில் பிந்தி வருபவை அதிகம் அரிதாக இருக்கின்றன என்று உளவியலாளர் கில்ஃபோர்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1957-லேயே காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிந்திய பகுதிக்குள் நம்மைத் தள்ளுவதுதான் இலக்கின் வேலை.

3. தனியாக, வரிசை எண் போட்டு எழுதுங்கள். குழுவாக இருந்தாலும் முதல் 20 நிமிடம் யாரும் பேச வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்குக் காத்திருப்பார். காத்திருக்கையில் தோன்றியது மறந்துபோகும். எழுதியதை அடிக்க வேண்டாம். மேலே போய்ப் படிக்கவும் வேண்டாம், படித்தால் திருத்தத் தோன்றும், அப்புறம் எண்ணிக்கை நின்றுவிடும்.

4. நின்றுபோகும் இடத்தைக் கடப்பது. சிரமம் இங்கேதான். 10-க்குப் பிறகு எனக்கு நான்கு நிமிடம் ஒன்றுமே வரவில்லை. சரக்கு தீர்ந்துவிட்டது என்று தோன்றும், நம்பாதீர்கள். அந்த நேரத்தில் கை ஏமாற்றவும் பார்க்கும்: “சிவப்பு அறிவிப்பு”, “பெரிய அறிவிப்பு”, “படம் போட்ட அறிவிப்பு”. இதைக் கண்டுபிடிக்க வினைச்சொல்லைப் பாருங்கள். மூன்றிலும் வினை “ஒட்டுவது”தான் என்றால் மூன்றும் சேர்ந்து ஒரே எண்.

நகர்வதற்கு, பிரச்சினையில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். தொட்டியே இல்லையென்றால்? கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் (16). காபி இல்லையென்றால்? கலகம் வெடிக்கும் (17, இதுவும் எண்ணில் சேரும்). கோப்பைகளே இல்லையென்றால்? இங்கே சட்டென்று ஒன்று பட்டது. அலமாரியில் ஏறத்தாழ 40 கோப்பைகள் இருந்தன. 12 பேருக்கு 40! சுத்தமான ஒன்று எப்போதும் கைக்கு எட்டும்போது அழுக்கானதை யார் கழுவுவார்கள்? 19-ஆம் எண்: “ஆளுக்கு ஒரு கோப்பை மட்டும் விட்டு மிச்சத்தைக் கட்டி வைப்பது.” 23: “கோப்பையை மேசைப் பக்கத்தில் கொக்கியில் மாட்டுவது.”

5. இடைவெளி விட்டு எடைபோடுங்கள். மறுநாள், கீழிருந்து மேலாகப் படியுங்கள். மேலிருந்து தொடங்கினால் பழகிய யோசனைகளே மறுபடி கண்ணை இழுக்கும். பிந்தி வந்ததெல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். என் 30-இல் கடைசிப் பத்தில் ஏழு குப்பை. முதலில் வந்ததெல்லாம் மோசமும் இல்லை. அறிவிப்பு முன்பே தோற்றிருக்காவிட்டால் அதையே முதலில் செய்து பார்த்திருப்பேன், செலவே இல்லாத வழி.

ஒரே சரியான விடை உள்ள கேள்விகளுக்கு இந்த முறை உதவாது. குழாய் ஏன் ஒழுகுகிறது என்பதற்கு 30 யோசனை எழுதாமல் குழாயைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் 19-ஐயும் 23-ஐயும் சேர்த்துச் செய்தோம். பெயர் எழுதிய 12 கோப்பைகள், மேசைக்கு ஒரு கொக்கி, மிச்சம் 28 பெட்டிக்குள். இப்போது காபி வேண்டுமென்றால் தன் கோப்பையைத் தானே கழுவியாக வேண்டும். விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அதற்குத் தனியாக இன்னொரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது, 14-இல் நிற்கிறது.